வாந்தி வேண்டாம்

எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் சென்ற மாதம் வீட்டுக்கு வீடு ஒரு தாள் கொடுத்தார்கள். வீட்டில் குழந்தையோ பெரியவரோ பாத்ரூம் கிளீனரைக் குடித்துவிட்டால், மாத்திரையை அள்ளி விழுங்கிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தெலுங்கு. நல்ல காரியம். இங்கே தமிழ்க் குடும்பங்களும் கணிசம் என்பதால் ஒருவர் அதைத் தமிழிலும் பெயர்த்து ஒட்டிவிட்டார். படித்துப் பார்த்தேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியுமா என்றால், என்னைக் கேட்டால் கஷ்டம்தான்.

தாள் யாருக்கு என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். நானும் மனைவியும் காலை ஒன்பதுக்குக் கிளம்பிவிடுவோம். பதினோரு மணிக்கு வீட்டில் இருப்பது ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ மாமியாரோதான். ஹைதராபாத்தில் பாதித் தமிழ் வீடுகளில் இதுதான் நிலைமை. சான்ஹோசேயிலும் சிங்கப்பூரிலும்கூட வேறாக இருக்காது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். தெலுங்கு எழுத்து தெரியாது. ஆங்கிலத்தில் பாட்டிலின் பெயரை எழுத்துக்கூட்டுவார். அந்தத் தாள் அவருக்குத்தான். அதுவும் சாவகாசமாக வாசிக்க அல்ல; ஒரு கையில் அழும் குழந்தையை வைத்துக்கொண்டு வாசிக்க.

என் மாமியார் கும்பகோணத்துக்காரர். அந்தத் தமிழ்த் தாளை அவரிடம் கொடுத்து, "படிச்சு என்ன புரியுதுன்னு சொல்லுங்க அத்தை" என்றேன். மூன்றாவது வரியில் 'அரிக்கும் தன்மையுள்ள திரவங்கள்' என்று இருந்தது. "அரிக்குமா? உடம்பு பூரா சொறி வருமா மாப்பிள்ளை?" என்றார். தப்பு அவர் மேல் இல்லை. பேச்சுத் தமிழில் அரிப்பு என்றால் நமைச்சல்தான். இரும்பை அரிக்கிற அர்த்தம் புத்தகத்தில் இருக்கிறது, அடுப்படியில் இல்லை. டாய்லெட் கிளீனரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அடைத்த குழாயில் போடும் தூளில் இருப்பது காஸ்டிக் சோடா. இரண்டும் செய்வதை அத்தையிடம் எப்படிச் சொல்வது? "வாயும் தொண்டையும் வெந்து போகும்." அவ்வளவுதான். 'வெந்து போச்சு' என்றால் எல்லாத் தமிழ்ப் பாட்டிக்கும் தெரியும்.

அடுத்து, 'சுயநினைவற்ற நபரை மீட்பு நிலையில் வைக்கவும்.' மீட்பு நிலை என்றால் எனக்கே பேங்க் ஞாபகம்தான் வந்தது, வாராக்கடன் வசூல்! ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை அப்படியே தூக்கி வந்துவிட்டார்கள். அந்தக் காரியத்துக்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: ஒருக்களித்துப் படுக்க வைப்பது. வாந்தி வந்தாலும் வெளியே வழிந்துவிடும், மூச்சுக்குழலுக்குள் போகாது. 'சுயநினைவு' என்பதற்கும் ஒரு சோதனையைச் சொல்லிவிட்டால் போதும்: கூப்பிட்டால் கண் திறக்கிறதா, இல்லையா.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமான வரி. 'வாந்தியைத் தூண்டாதீர்கள்.'

மொத்தத் தாளிலும் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் என்றால் இதைத்தான் போட வேண்டும். ஏனென்றால் நம் வீடுகளில் கை தானாகப் போவது அங்கேதான். தொண்டையில் விரல் விடு, உப்புத் தண்ணி கரைச்சுக் குடு, புளித்தண்ணி குடு, சோப்புத் தண்ணி குடு. ஊர்ப்பக்கம் இன்னும் என்னென்னவோ கரைத்து ஊற்றுவார்கள், விட்டுவிடுகிறேன். இந்த நம்பிக்கை பாட்டிமாருடையது மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பல ஆண்டுகள் வாந்தி எடுக்கவைக்கும் இபிகாக் என்ற சிரப்பை வீட்டிலேயே வாங்கி வைக்கச் சொல்லி டாக்டர்களே சொன்னார்கள். 2003-ல்தான் அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம் அதை வீட்டில் வைக்க வேண்டாம் என்று அறிவித்தது. பழைய முதலுதவிப் புத்தகம் வைத்திருப்பவர்கள் தேதியைப் பாருங்கள்.

ஏன் கூடாது என்பதற்குக் காரணம் மூன்று. அமிலமோ காஸ்டிக்கோ இறங்கும்போது உணவுக்குழலை ஒரு முறை வேகவைத்தது. வாந்தியில் மேலே வரும்போது மறுபடியும் வேகவைக்கும். மண்ணெண்ணெய், தின்னர், பினாயில் மாதிரியானவை வயிற்றில் இருப்பதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. வாந்தி எடுக்கும்போது அது நடக்க வழி இருக்கிறது. மாத்திரையாக இருந்தால் குழந்தை எந்த நிமிடமும் மயங்கலாம், வலிப்பு வரலாம். அரை மயக்கத்தில் வாந்தி வந்தால் அதுவும் மூச்சுக்குழலுக்குத்தான் போகும். உப்புத் தண்ணிக்குத் தனியாக ஒரு குற்றம் இருக்கிறது. வாந்தி வராமல் அது உள்ளேயே தங்கிவிட்டால், சின்னக் குழந்தைக்கு அந்த உப்பே விஷம். ரத்தத்தில் உப்பு ஏறி மூளையைத் தாக்கும்.

சரி, வரி சரியானதுதானே, அதில் என்ன குறை என்கிறீர்களா? அது தமிழின் அமைப்பில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'கூடாது' என்ற சேதி வாக்கியத்தின் முதல் சொல்லிலேயே வந்துவிடும். தமிழில் அது கடைசிச் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். "வாந்தி எடுக்க வையுங்க", "வாந்தி எடுக்க வைக்காதீங்க" இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். முக்கால்வாசி ஒரே ஓசைதான். ஆபீஸிலிருந்து போனில் கத்துகிறீர்கள், லிஃப்ட் பக்கத்தில் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது, அங்கே குழந்தை அழுகிறது. கேட்பவர் காதில் 'வாந்தி எடுக்க வை' மட்டும் விழுந்தால் என்ன ஆகும்? அவர் ஏற்கெனவே செய்ய நினைத்ததும் அதுதான்.

அதனால் நான் எழுதச் சொல்வது இரண்டே சொல்: வாந்தி வேண்டாம். 'வேண்டாம்' தனிச் சொல். காதில் தனியாக விழும். வால் அறுந்தாலும் அர்த்தம் தலைகீழாகாது. இன்னொரு லாபமும் உண்டு. மாமியாருக்கு எழுதும் தாளில் 'கொடு, வை' என்று எழுத முடியாது. 'கொடுக்கவும், வைக்கவும்' என்றால் ரயில்வே நோட்டீஸ். 'வேண்டாம்' என்பதில் மரியாதைப் பிரச்சினையே இல்லை.

இன்னொரு சொல் 'மருந்து'. இதை அந்தத் தாளிலிருந்து முழுக்கவே எடுத்துவிடலாம். தமிழில் மருந்து என்றால் டாக்டர் கொடுப்பது. பயிருக்கு அடிப்பதும் மருந்து. "மருந்தைக் குடிச்சிட்டான்" என்று ஊரில் சொன்னால் யாரும் இருமல் சிரப்பை நினைக்க மாட்டார்கள். ஹைதராபாத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. தெலுங்கில் 'மந்து' என்றால் மருந்து, பூச்சிமருந்து, சாராயம், மூன்றும்தான். பதறிப்போய் வாட்ச்மேனிடம் "மந்து தாகாடு" என்று சொன்னால் அவர் யாரோ தண்ணி போட்டுவிட்டார் என்று நினைத்து நிதானமாக வருவார். ஆகவே பொதுச்சொல் எதுவும் வேண்டாம். பாத்ரூம் கிளீனர், பினாயில், ஆசிட், மாத்திரை என்று பொருளின் பெயரையே சொல்ல வேண்டும். நல்ல வேளையாக இவையெல்லாம் தெலுங்கிலும் ஏறக்குறைய அதே பெயர்தான். மாத்திரை அங்கே 'மாத்ர'.

அதே மாதிரிதான் கற்பூரமும். கடவுளுக்கு ஏற்றுவது ஒன்று, பீரோவில் போடுவது வேறு. பீரோவில் போடும் நாப்தலீனைச் சிலர் அந்துருண்டை என்பார்கள், சிலர் பாச்சை உருண்டை, சிலர் ரசகற்பூரம். பூஜைக் கற்பூரத்தை விழுங்கிய குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது, அது ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். வெறுமனே 'கற்பூரம்' என்று போனில் சொன்னால் டாக்டருக்கு எது என்று தெரியாது. பாக்கெட்டைக் கையோடு எடுத்துப் போவதுதான் ஒரே வழி.

இனி அளவு. தாளில் 'சிறிதளவு நீர் அருந்தக் கொடுக்கலாம்' என்று இருந்தது. சிறிதளவு என்பது எவ்வளவு? நம் வீட்டில் சிறிதளவு என்றால் ஒரு டம்ளர். "நிறைய தண்ணி குடிச்சா விஷம் கரைஞ்சிடும்" என்று இன்னும் ஒரு டம்ளர். வயிறு நிரம்பினால் வாந்தி தானாக வரும்; எதைத் தவிர்க்கப் பார்த்தோமோ அதுவே நடக்கும். கிளீனர் குடித்தவர் விழித்திருக்கிறார், விழுங்க முடிகிறது என்றால், வாயைக் கழுவித் துப்பிய பிறகு ரெண்டு மடக்குத் தண்ணீர் போதும். தொண்டையில் ஒட்டியிருப்பதைக் கழுவி இறக்கத்தான் அது. மண்ணெண்ணெய், தின்னர், பினாயில் என்றால் அதுவும் வேண்டாம். ஆசிட்டுக்குச் சோடா உப்பு, காஸ்டிக்குக் எலுமிச்சை என்று பத்தாம் வகுப்பு வேதியியலை வயிற்றுக்குள் செய்து பார்ப்பதும் வேண்டாம். அந்த வினையில் சூடு கிளம்பும். ஏற்கெனவே வெந்த இடம் இன்னும் வேகும்.

உள்ளே சேதம் ஆகியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? வாயைத் திறந்து பார்த்து, ஒன்றும் இல்லையே என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. வாய் சுத்தமாக இருந்தும் தொண்டைக்குக் கீழே வெந்திருக்கலாம், முக்கியமாகக் காஸ்டிக்கில். எச்சில் விழுங்காமல் வழியவிட்டுக்கொண்டே இருப்பது, குரல் கம்முவது, மூச்சு விடும்போது சத்தம் வருவது, இவை வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆனால் இவை வரவில்லை என்பதற்காகவும் வீட்டில் இருந்துவிடக் கூடாது.

மாத்திரை இன்னும் ஏமாற்றும். கிளீனர் குடித்த குழந்தை அழும், எல்லோருக்கும் தெரியும். மாத்திரை விழுங்கிய குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும். பாராசிட்டமால் அளவுக்கு மீறிப் போனால் முதல் நாள் பெரிதாக ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். கல்லீரல் கெடுவது அடுத்தடுத்த நாட்களில்தான் வெளியே வரும். அதற்கு மாற்று மருந்து உண்டு, ஆனால் விழுங்கி எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அது மிக நன்றாகக் கேட்கும். 'அறிகுறிகள் தென்பட்டால் மருத்துவரை அணுகவும்' என்ற வரி மாத்திரை விஷயத்தில் தப்பான வரி. 'நல்லா இருந்தாலும் கிளம்புங்க' என்பதுதான் சரி.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தாத்தா ஊரிலிருந்து வந்திருக்கிறார், சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை, தினம் ஒன்று. திங்கட்கிழமை 15 மாத்திரை உள்ள புது அட்டையைப் பிரித்தார். சனிக்கிழமை காலை மாத்திரையும் போட்டாயிற்று. பதினொன்றரைக்கு இரண்டு வயதுப் பேத்தி அட்டையோடு கட்டிலடியில் உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் தொழிலில் செய்வதைத்தான் செய்ய வேண்டும். ஆரம்ப இருப்பு 15. செலவு, திங்கள் முதல் சனி வரை 6. இருக்க வேண்டியது 9. அட்டையில் இருப்பது 7. வித்தியாசம் 2. கட்டிலடியில் தேடிப் பார்க்கலாம். ஒன்று கிடைத்தால் கழித்துக்கொள்ளலாம். கிடைக்கவில்லையா, இரண்டும் குழந்தையின் வயிற்றில்தான் என்று எழுத வேண்டும். "ஒருவேளை தாத்தா ஒரு நாள் ரெண்டு போட்டிருப்பார்" என்று கணக்கை நேராக்கப் பார்க்கக் கூடாது. பேங்கில் அப்படிச் செய்தால் சஸ்பெண்ட்.

தாத்தாவுக்கு அது தினசரி மாத்திரை. இரண்டு வயதுக் குழந்தைக்கு அதில் ஒன்றே ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும். அதுவும் உடனே இல்லை. பல மணி நேரம் கழித்து, மதியத் தூக்கத்திலோ ராத்திரியிலோ. அசந்து தூங்குகிறாள் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அதனால் ஆஸ்பத்திரியில் இருத்தி, மறுபடி மறுபடி சர்க்கரை பார்ப்பார்கள். ஒரே முறை பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டி வர அவசரப்படாதீர்கள். பெரியவர்களின் பிரஷர் மாத்திரை, இதய மாத்திரை, கர்ப்பிணிகளின் இரும்புச்சத்து மாத்திரை எல்லாமே இந்த வகைதான்: பெரியவருக்குச் சாதாரணம், குழந்தைக்கு அவசரம்.

போனில் சொல்ல வேண்டியது ஐந்து: குழந்தையின் வயதும் எடையும், விழுங்கிய பொருளின் பெயர், அதிகபட்சம் எவ்வளவு, எத்தனை மணிக்கு, இப்போது எப்படி இருக்கிறது. அழைக்க வேண்டிய எண் 108. அந்தச் சேவை முதலில் தொடங்கியதே நம்ம ஹைதராபாத்தில், 2005 ஆகஸ்ட் 15 அன்று. தமிழ்நாட்டிலும் இதே எண்தான். டெல்லி எய்ம்ஸில் தேசிய விஷத் தகவல் மையம் 1995 முதல் இருக்கிறது, கட்டணமில்லா எண் 1800 116 117. எதைக் குடித்தால் என்ன செய்வது என்று சொல்வதுதான் அவர்கள் வேலை. ஆனால் அங்கே தமிழை எதிர்பார்க்காதீர்கள். அந்தப் போனை ஆபீஸிலிருந்து நாம் போட வேண்டும், வீட்டில் இருப்பவர் 108-ஐப் போட வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு 1-800-222-1222. அங்கே மொழிபெயர்ப்பாளர் கேட்டு வாங்கலாம். ஆஸ்திரேலியாவில் 13 11 26.

ஹைதராபாத்தில் 108-ல் பேசத் தமிழ் எழுத்திலேயே நாலு தெலுங்கு வாக்கியம் எழுதி வைத்துவிடுங்கள். "பாப்ப பாத்ரூம் கிளீனர் தாகிந்தி." "பாப்ப மாத்ரலு மிங்கிந்தி." பையன் என்றால் "பாபு தாகாடு, மிங்காடு." "வயசு ரெண்டேள்ளு." கீழே வீட்டு எண், தெரு, பக்கத்தில் இருக்கும் கோயிலோ பெட்ரோல் பங்கோ. ஊரிலிருந்து வந்தவருக்கு நம் விலாசம் வாயில் வராது.

"இப்படிக் கொச்சையாக எழுதினால் தமிழ் என்ன ஆவது, ரசாயனப் பெயரெல்லாம் போடாவிட்டால் முழுமையாக இருக்குமா?" என்று சங்கத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் எந்த ரசாயனம், என்ன வைத்தியம் என்பது டாக்டரின் வேலை. தாளின் வேலை இரண்டுதான்: கெடுதல் செய்யப் போகிற கையைத் தடுப்பது, போனை எடுக்க வைப்பது. அதற்கு மேல் ஒரு வரி சேர்த்தால் மேலே இருக்கும் ஒரு வரி வாசிக்கப்படாமல் போகும்.

மாமியாரிடம் வாசிக்கக் கொடுத்து, அவர் தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகு எங்கள் பிரிட்ஜில் ஒட்டியிருப்பது கீழே. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், எங்கள் ஊர்ப் பேச்சை உங்கள் ஊர்ப் பேச்சாக மாற்றிக்கொள்ளுங்கள். 'வேண்டாம்' மட்டும் அப்படியே இருக்கட்டும்.

வாந்தி வேண்டாம். விரல் வேண்டாம். உப்புத் தண்ணி வேண்டாம்.
வாயில் இருப்பதைத் துப்பச் சொல்லுங்க.
கிளீனர், ஆசிட்: வாயைக் கழுவித் துப்பணும். விழுங்க முடிஞ்சா தண்ணி ரெண்டு மடக்கு. அதுக்கு மேல வேண்டாம்.
மண்ணெண்ணெய், பினாயில், மாத்திரை: தண்ணியும் வேண்டாம், பாலும் வேண்டாம்.
கண்ணில் பட்டா: குழாய்த் தண்ணியில் 20 நிமிஷம் விடாம கழுவுங்க.
கூப்பிட்டா கண் திறக்கலையா: ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. வாயில் எதுவும் வேண்டாம்.
108 போடுங்க. பேரு, எவ்வளவு, எத்தனை மணி சொல்லுங்க.
பாட்டில், அட்டை, பாக்கெட் கையோடு எடுத்துக்குங்க.
நல்லா இருந்தாலும் கிளம்புங்க.